எட்டு வார வகுப்புக்கு ஒரு பக்கம்: தலைப்பிலிருந்து பொத்தான் வரை

கேள்வி: பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டிலிருந்து ஜூமில் வகுப்பு எடுக்கிறேன். தொடக்கநிலை 6 பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வுக்கென்று 8 வாரப் பயிற்சி. கட்டணம் 320 வெள்ளி. அதற்கு ஒரு லேண்டிங் பேஜ் செய்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தேன். இருநூறு பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள், இரண்டே பேர்தான் சேர்ந்தார்கள். எதை எங்கே வைப்பது, என்ன எழுதுவது என்று சொல்லுங்கள். இணைப்பு கீழே.
– ஒரு தமிழாசிரியை, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து கடைசிவரை படித்தேன். வாட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பைப் பெற்றோர் எம்ஆர்டியிலோ, இரவு பிள்ளை தூங்கிய பிறகோ கைப்பேசியில்தான் திறப்பார்கள். அந்தத் திரையில் முதலில் எனக்குத் தெரிந்தது உங்கள் நிலையத்தின் பெயரும், "அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வரியும், புத்தகம் படிக்கும் ஒரு குழந்தையின் படமும்தான். இது எந்த வயதுப் பிள்ளைக்கு, எதற்கான வகுப்பு என்று தெரிய நான்கு முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. அதற்குள் பலர் போயிருப்பார்கள்.

ஆனால் பக்கத்தின் நடுவில், உங்களைப் பற்றிச் சொல்லும் பத்தியில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்குக் கேள்வி புரியும், பதில்தான் ஒரு வரியோடு நின்றுவிடும்." வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழகிய பிள்ளையின் அம்மா இதைப் படித்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார். தன் வீட்டில் நடப்பதை யாரோ பார்த்துச் சொன்னதுபோல இருக்கும். உங்கள் தலைப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதை மேலே கொண்டுவாருங்கள்.

தலைப்பு இரண்டு வேலை செய்ய வேண்டும். சரியான ஆளை நிறுத்த வேண்டும். சம்பந்தமில்லாதவர் உடனே விலகிப் போகவும் உதவ வேண்டும். "உங்கள் பிள்ளை தமிழில் சிறந்து விளங்க" என்று எழுதினால் யாரும் விலகமாட்டார்கள், யாரும் நிற்கவும் மாட்டார்கள். "தொடக்கநிலை 6 வாய்மொழித் தேர்வுப் பயிற்சி" பரவாயில்லை, யாருக்கு என்று சொல்கிறது. ஆனால் பெற்றோரின் கவலையை அது தொடவில்லை, அதே பெயரில் வேறு வகுப்புகளும் இருக்கும். நான் இப்படி வைப்பேன்:

"கேள்வி புரிகிறது, ஆனால் பதில் ஒரு வரியில் நின்றுவிடுகிறதா?"

அதன் கீழே சற்றுச் சிறிய எழுத்தில்: "தொடக்கநிலை 6 மாணவர்களுக்கு, ஆகஸ்ட் வாய்மொழித் தேர்வுக்கு முன் 8 வாரப் பேச்சுப் பயிற்சி. சனிக்கிழமை காலை, ஜூமில், ஒரு வகுப்பில் 6 பேர் மட்டும்."

மேல் வரி கவலையைச் சொல்கிறது, கீழ் வரி விவரத்தைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வரியில் திணித்தால் கைப்பேசியில் ஆறு வரியாக மடங்கிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெரிய எழுத்தில் போட்டால் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் நிற்கும். அதனால் தலைப்பு எழுத்தின் அளவைக் குறைத்து, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருவில் வரி இடைவெளி நெருக்கமாக இருக்கும். மேல் வரியின் கீழ்க்கொம்பும் கீழ் வரியின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு வைத்துப் பாருங்கள். இன்னொன்று, தலைப்பைப் படத்துக்குள் எழுதி ஒட்டாதீர்கள். கணினித் திரையில் அழகாகத் தெரிந்தாலும் கைப்பேசியில் படம் சுருங்கும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்கிவிடும்.

தலைப்பை அடுத்து எதை வைப்பது என்பதற்குப் படிப்பவர் மனத்தில் கேள்விகள் எழும் வரிசையைப் பின்பற்றினால் போதும். "இது என் பிள்ளைக்கா?" என்பதற்குத் தலைப்பு பதில் சொல்லிவிட்டது. அடுத்து, "வகுப்பில் அப்படி என்னதான் செய்வார்கள்?" அப்புறம், "இதனால் மாற்றம் வருமா?" அதற்குப் பிறகுதான் "இந்த ஆசிரியை யார்?", "எவ்வளவு?", "எனக்குச் சரிப்படாவிட்டால்?" என்பவை. உங்கள் பக்கத்தில் ஆசிரியை யார் என்பதுதான் முதலில் வருகிறது. உங்கள் அனுபவம் பெரியது, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு தனக்குரியது என்று தெரிந்த பிறகே அந்த அனுபவம் பெற்றோருக்குப் பொருள்படும். அதை நான்கு வரியாகச் சுருக்கி, உங்கள் படத்தோடு, கட்டணத்துக்குச் சற்று மேலே வையுங்கள்.

வகுப்பில் என்ன நடக்கும் என்ற பகுதியில் இப்போது "வாசிப்பு, உச்சரிப்பு, உரையாடல், சொல்வளம், தன்னம்பிக்கை" என்று ஐந்து சின்னங்கள் இருக்கின்றன. இந்த ஐந்தையும் எந்தத் தமிழ் வகுப்பும் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு சனிக்கிழமையை எடுத்துச் சொல்லுங்கள். முதலில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிப்பார்கள், ல, ள, ழ எங்கே தவறுகிறது என்று குறித்துக்கொள்வீர்கள். பிறகு ஒரு காணொளி. அதை ஒட்டி ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேள்வி. பதிலை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பிள்ளையையே கேட்க வைத்து, விட்டுப்போனதைச் சேர்த்து மறுபடி சொல்லச் சொல்வீர்கள். இதை நானாகக் கற்பனை செய்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், உங்கள் பக்கத்தின் அடியில் "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்" பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு பேர் மட்டும் என்பதற்கான காரணமும் இங்கேதான் விளங்குகிறது: அதற்கு மேல் போனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை பேச நேரம் இருக்காது. காரணத்தோடு சொன்னால் அந்த எண்ணைப் பெற்றோர் நம்புவார்கள்.

இனி மாற்றம் வருமா என்ற கேள்வி. பக்கத்தில் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான். நீங்கள் போட்டிருக்கும் மூன்று பாராட்டுகளும் "அருமையான ஆசிரியை, நன்றி" என்ற வகையில் இருக்கின்றன. மனமார எழுதியவைதான், ஆனால் படிப்பவருக்கு அவற்றிலிருந்து எதுவும் தெரியவில்லை. "AL1 நிச்சயம்" என்று நீங்கள் எழுதாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் ஒவ்வொரு பாடத்தின் முடிவும் AL1 முதல் AL8 வரையான தரநிலையாக வருகிறது. அந்தத் தரநிலை எழுத்து, கேட்டல், வாய்மொழி எல்லாம் சேர்ந்தது, அதில் பள்ளி ஆசிரியரின் உழைப்பும் இருக்கிறது. எட்டு வார வகுப்பு தன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஆனால் உங்களிடம் அதைவிட நல்ல சான்று இருக்கிறது: ஒரே பிள்ளையின் முதல் வாரப் பதிவும் கடைசி வாரப் பதிவும்.

உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைப்பது பற்றிய காணொளியை எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் "இது நல்ல பழக்கமா?" என்று கேட்டால் பதில் இப்படி வரும்: "ஆமாம், நல்ல பழக்கம். ஏன்னா, கிளீனா இருக்கும்." எட்டாவது வாரத்தில் அதே பிள்ளை: "ஆமாம், நல்ல பழக்கம்தான். தட்டை மேசையிலேயே விட்டுவிட்டால் பறவைகள் வந்து கொத்தும், அடுத்து வருபவருக்கு உட்கார இடம் இருக்காது. ஒருநாள் என் தாத்தா தட்டோடு நடக்கச் சிரமப்பட்டார், நான் வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். துப்புரவு செய்பவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்." இந்த இரண்டையும் எழுத்தில் பக்கத்தில் போடுங்கள், கீழே ஒலியையும் வையுங்கள். நான் எழுதியது மாதிரிக்குத்தான். நீங்கள் போடுவது உண்மையில் பதிவான சொற்களாகவே இருக்க வேண்டும், பிழையைக்கூடத் திருத்த வேண்டாம். திருத்தினால் பெற்றோருக்குக் காதிலேயே தெரிந்துவிடும். கருத்து, காரணம், சொந்த அனுபவம் என்று பதில் எப்படி வளர்ந்தது என்பதை ஓரத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். தமிழ் சரளமாக வராத அப்பாவுக்கும் ஐந்து வினாடிப் பதிலுக்கும் அரை நிமிடப் பதிலுக்கும் உள்ள வேறுபாடு கேட்டவுடன் புரியும்.

பிள்ளையின் குரலைப் பயன்படுத்த முன்கூட்டியே பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எதற்காக, எங்கே, எத்தனை நாள் என்பதையும் அதில் சொல்லுங்கள். பெயர், பள்ளி இரண்டும் வேண்டாம். அவர்கள் பிறகு எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

கட்டணம் உங்கள் பக்கத்தில் எங்குமே இல்லை, "விவரங்களுக்குத் தொடர்புகொள்ளுங்கள்" என்று இருக்கிறது. விலையைக் கேட்கக் கூச்சப்படுபவர் கேட்காமலே போய்விடுவார். கேட்பவரும் விலை தெரிந்ததும் பதில் போடமாட்டார், நீங்கள் காத்திருப்பீர்கள். வெளிப்படையாகப் போடுங்கள்: "8 வகுப்புகள், 320 வெள்ளி. ஒரு வகுப்புக்கு 40 வெள்ளி." மாற்றம் கேட்ட பிறகு விலை வந்தால் அதை எதனோடு ஒப்பிடுவது என்று பெற்றோருக்குத் தெரியும், அதனால்தான் அதைப் பதிவுகளுக்குக் கீழே வைக்கச் சொல்கிறேன். "480 வெள்ளி" என்று எழுதி அதன்மேல் கோடு போட்டு 320 என்று காட்ட யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் 480க்கு விற்றதே இல்லை. இல்லாத விலைச்சலுகையை இருப்பதாகக் காட்டுவதைச் சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக)ச் சட்டம் நியாயமற்ற செயலாகவே பட்டியலிட்டிருக்கிறது. திறக்கும்போதெல்லாம் மறுபடி தொடங்கும் கடிகாரமும் அப்படித்தான், வேண்டாம். உங்களுக்கு உண்மையான காலக்கெடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஆகஸ்டில் தேர்வு, எட்டு வாரம் வேண்டும், நடுவில் ஜூன் விடுமுறையில் சில குடும்பங்கள் ஊருக்குப் போகும். தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும், விடுமுறையில் வகுப்பு உண்டா இல்லையா என்பதையும் எழுதினாலே போதும்.

"எனக்குச் சரிப்படாவிட்டால்?" என்ற கேள்விக்கும் விலைக்குப் பக்கத்திலேயே பதில் வேண்டும். முதல் வகுப்புக்குப் பிறகு விலகினால் என்ன திருப்பித் தருவீர்கள், ஒரு சனிக்கிழமை தவறினால் பதிவு கிடைக்குமா என்று இரண்டு வரி. நிறைவேற்ற முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

இப்போது பொத்தானுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் "பதிவு செய்க", "எங்கள் முகநூல்", "கையேடு பதிவிறக்கம்", "பிற வகுப்புகள்", "அழைக்க" என்று ஐந்து இருக்கின்றன. முகநூலுக்குப் போனவர் அங்கே வேறு எதையாவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், திரும்பமாட்டார். ஒரு வகுப்புக்கான பக்கத்தில் ஒரே செயல்தான் இருக்க வேண்டும். அந்தப் பொத்தானை மூன்று இடங்களில் திரும்ப வைக்கலாம்: முதல் திரையில், குரல் பதிவுகளுக்குக் கீழே, கடைசியில். சொற்களும் நிறமும் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். கட்டை விரலால் எளிதில் அழுத்தும்படி பொத்தான் பெரிதாக இருக்கட்டும்; அதன் உயரம் 48 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.

எந்தச் செயல் என்பதுதான் முக்கியம். உங்களை முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு உடனே 320 வெள்ளியை பேநவ்வில் அனுப்பமாட்டார். இருநூறு பேரில் இரண்டு பேர் சேர்ந்தார்கள் என்றால் அவர்கள் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குச் சின்ன முதற்படி ஒன்று வேண்டும். பிள்ளையோடு 15 நிமிடம் இலவசமாகப் பேசிப் பார்த்து, எங்கே தடுக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். முப்பது பேரோடு பேசினாலும் ஏழரை மணி நேரம்தான், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பதிவுசெய்த பாடங்களை 25 வெள்ளிக்கு விற்பவருக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. அவர் நேரடியாக வாங்கும் பொத்தானைத்தான் வைக்க வேண்டும். உங்கள் வகுப்புக்கு இதுதான் பொருந்தும் என்பது என் தீர்மானமான கருத்து.

ஆகவே "பதிவு செய்க" என்பதை எடுத்துவிட்டு, "15 நிமிடப் பேச்சுச் சோதனைக்கு நேரம் கேளுங்கள்" என்று எழுதுங்கள். நீளமாகத் தோன்றும், இரண்டு வரியில் மடங்கினாலும் பரவாயில்லை. அழுத்தினால் என்ன கிடைக்கும் என்று அழுத்துவதற்கு முன்பே தெரிய வேண்டும். பொத்தானுக்குக் கீழே சிறிய எழுத்தில், "இலவசம். வாட்ஸ்அப்பில் ஒரு நாளுக்குள் பதில் சொல்வேன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள படிவம் ஒன்பது விவரம் கேட்கிறது, அதில் பிள்ளையின் அடையாள எண்ணும் ஒன்று. அதை இன்றே நீக்கிவிடுங்கள். சட்டப்படி தேவையில்லாத இடத்தில் அடையாள எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற விதி 1 செப்டம்பர் 2019 முதல் நடப்பில் இருக்கிறது. சோதனைக்கு நேரம் குறிக்க உங்களுக்குப் பிள்ளையின் நிலையும் வசதியான நேரமும் போதும். அதற்குப் படிவமே வேண்டாம், பொத்தானை அழுத்தினால் எழுதிவைத்த செய்தியோடு வாட்ஸ்அப் திறக்கும்படி செய்யலாம்:

```
https://wa.me/65XXXXXXXX?text=P6%20Oral%20A
```

65க்குப் பிறகு உங்கள் எட்டு இலக்க எண். கூட்டல் குறியோ இடைவெளியோ வேண்டாம். `text=` என்பதற்குப் பிறகு வருவது பெற்றோரின் செய்திப் பெட்டியில் தயாராக இருக்கும், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. தமிழிலும் எழுதலாம், ஆனால் இணைப்புக்கான குறிமுறைக்கு மாற்றும்போது ஒவ்வொரு எழுத்தும் நீண்டுவிடும் என்பதால் சுருக்கமாக வையுங்கள். கடைசியில் உள்ள A முதல் திரைப் பொத்தானுக்கு. நடுப்பொத்தானில் B, கடைசிப் பொத்தானில் C என்று மாற்றிவிடுங்கள். வரும் செய்தியைப் பார்த்தாலே அவர் எந்த இடத்தில் முடிவெடுத்தார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் B வந்தால் குரல் பதிவுகள் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும் இதே வழி உதவும். பார்க்கிறார்கள், யாரும் அழுத்துவதில்லை என்றால் தலைப்பில் கோளாறு, அல்லது தொடக்கநிலை 2 பிள்ளைகளின் பெற்றோர் நிறைந்த குழுவில் பகிர்ந்திருக்கிறீர்கள். செய்தி வருகிறது, ஆனால் எல்லோரும் "வகுப்பு எத்தனை மணிக்கு?" என்றே கேட்கிறார்கள் என்றால் அந்த விவரம் பக்கத்தில் இல்லை, அல்லது கண்ணில் படவில்லை. சோதனைக்கு வந்துவிட்டுச் சேராமல் போகிறார்கள் என்றால் பக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. நேரமோ கட்டணமோ அந்த 15 நிமிடமோ பார்க்கப்பட வேண்டும். இரண்டு தலைப்புகளைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி ஒப்பிடும் முறையை உங்களுக்குச் சொல்லமாட்டேன். இருநூறு பேரில் இரண்டு நான்காவது தற்செயலாகவும் நடக்கும், அதை வைத்து எந்தத் தலைப்பு நல்லது என்று முடிவுகட்ட முடியாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு பெற்றோரிடம் கைப்பேசியில் முதல் திரையை ஐந்து வினாடி காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு, "இது யாருக்கு, எதற்கு?" என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் தலைப்பை மாற்றுங்கள்.

மொழி பற்றி ஒரு சொல். பக்கத்தில் ஒவ்வொரு பத்தியும் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை வருகிறது. பக்கம் இரட்டிப்பு நீளமாகிறது, எதைப் படிப்பது என்று கண் தடுமாறுகிறது. உங்கள் குழுக்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த பெற்றோரும் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. இரண்டு தனிப் பக்கங்களாகப் பிரித்து, மேல் மூலையில் மொழி மாற்றும் இணைப்பு ஒன்றை மட்டும் வையுங்கள். ஆங்கிலப் பக்கத்திலும் பிள்ளையின் பதில்கள் தமிழிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, குழுவில் இணைப்பை ஒட்டும்போது தெரியும் சிறு பெட்டி. இப்போது அதில் உங்கள் நிலையத்தின் பெயர் மட்டும்தான் வருகிறது. பலருக்குத் தலைப்பைவிட முதலில் கண்ணில் படுவது அதுதான். பக்கம் செய்துகொடுத்தவரிடம் இந்த வரியை மாற்றச் சொல்லுங்கள்:

```
<meta property="og:title" content="பதில் ஒரு வரியில் நின்றுவிடுகிறதா? தொடக்கநிலை 6 வாய்மொழிப் பயிற்சி">
```

மாற்றிய பிறகு உங்கள் எண்ணுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். பழைய பெட்டியே வந்தால் வாட்ஸ்அப் முன்பு எடுத்ததை நினைவில் வைத்திருக்கிறது. இணைப்பின் முடிவில் `?v=2` என்று சேர்த்து அனுப்பினால் புதியது வரும். அதற்குப் பிறகு குழுக்களில் பகிருங்கள்.